முனீஸ்வரியின் வருமானம்

ஏழை ஒருத்தி உழைத்து நாலு காசு பார்த்தால், எந்த நேரத்தில் அவள் ஏழையாக இருப்பதை நிறுத்திக்கொள்கிறாள்? காசு கைக்கு வந்தபோதா, அது வந்ததை மற்றவர்கள் பார்த்தபோதா? சிந்தனையாளர்கள் இதற்குத் தீர்வு கண்டதாகத் தெரியவில்லை. பழனிசெட்டிபட்டியைத் தாண்டிப் புறவழிச்சாலையோரம் இருக்கும் ஒரு கல்லூரியின் உதவிக்குழு, ஒரு ஜூன் மாதப் பிற்பகலில், வெங்காயப் பஜ்ஜிக்கும் இரண்டாவது சுற்றுத் தேநீருக்கும் இடையில் அதைத் தீர்த்துவிட முயன்றது. அந்தக் கேள்வியைத் தன் உடம்போடு சுமந்துகொண்டு அறைக்கு வெளியே நின்றவள் முனீஸ்வரி.

சின்னமனூருக்குக் கிழக்கே, வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் நாற்பது ஐம்பது வீடுகள் உள்ள ஊர் அவளுடையது. அப்பா இல்லை. அம்மா கஸ்தூரியம்மாள் திராட்சைப் பந்தலில் கூலிக்குப் போகிறவர். கொத்தில் சொத்தைக் காயை மட்டும் கத்தரித்து எடுக்கும் வேலை. நாள் முழுக்க கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தலை சீவக்கூடக் கையை உயர்த்த மாட்டார். மகள்தான் சீவிவிடுவாள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் எழுபத்திரண்டாயிரம் என்று தாசில்தார் சான்று கொடுத்திருந்தார். அந்தத் தெருவில் எல்லா வீட்டின் வருமானமும் எழுபத்திரண்டாயிரம்தான். இ-சேவை மையத்துப் பையனுக்கு அந்த எண் ராசியானது.

கல்லூரியில் முனீஸ்வரி பி.எஸ்சி. கணிதம். சுயநிதிப் பிரிவு என்பதால் கட்டணம் அதிகம். குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் அறக்கட்டளை பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும். அந்தப் பாதி இருந்ததால்தான் அவள் படித்தாள். மீதிப் பாதியை அம்மா கட்டிவிடுவார். முழுசாக என்றால் முடியாது. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. சேர்க்கை அன்றே கஸ்தூரியம்மாள் அலுவலகச் சன்னலில் உரக்கச் சொல்லிவிட்டார்.

"பாதின்னா கட்டுவேன். முழுசும்னா இப்பவே சொல்லிருங்க சார், இவள அப்பிடியே பந்தலுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்."

இரண்டாம் ஆண்டில்தான் 'படிப்போடு பணி' வந்தது. வளாகத்துக்குள்ளேயே மாணவர்களுக்கு வேலை, மணிக்கணக்கில் கூலி. விதிகளைச் சுற்றறிக்கையாக எழுதியவர் வணிகவியல் துறை விஜய்ராஜ். அவர் இந்தத் திட்டத்துக்கு ஒருங்கிணைப்பாளர் ஆனது, ஆசிரியர் கூட்டத்தில் அந்தச் சமயம் பார்த்து அவருக்கு இருமல் வந்ததால். முதல்வர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். ஆனாலும் விதிகளை ஒழுங்காகவே எழுதினார். இரண்டாம் ஆண்டிலிருந்துதான் சேரலாம். வருகைப் பதிவு முக்கால் பங்குக்குக் குறையக் கூடாது. அரியர் இருக்கக் கூடாது. அறக்கட்டளையின் கட்டணச் சலுகை பெறுபவராக இருக்க வேண்டும். வகுப்பு நேரத்தில் வேலை கிடையாது. வாரத்துக்கு அதிகபட்சம் இருபது மணி நேரம். தேர்வு வாரத்தில் வேலையே இல்லை. மணிக்கு அறுபது ரூபாய், மாத முடிவில் மாணவரின் வங்கிக் கணக்கில் போடப்படும், கட்டணத்தில் கழித்துக்கொள்ளப்படாது. இதை வைத்து யாரும் பிற்பாடு கல்லூரியில் வேலை கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை மட்டும் செயலர் தன் கைப்படச் சேர்த்திருந்தார்.

வீட்டில் முனீஸ்வரி சுற்றறிக்கையைப் படித்துக் காட்டியபோது அம்மா உடனே கணக்குப் போட்டார்.

"வாரத்துக்கு இருவது மணி நேரம். மணிக்கு அறுவது. ஏத்தா, பந்தலுக்கு வாறத விட நல்லா இருக்கே!"

"இருவது குடுப்போம்னு போடலம்மா. இருவதுக்கு மேல கூடாதுன்னு போட்ருக்காக."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"இல்ல. பஸ்ல அம்பது பேருக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு எழுதியிருக்கும்ல? அதுக்காக அம்பது பேரு கண்டிப்பா ஏறுவாகன்னு அர்த்தமா?"

"நம்ம பஸ்ல எழுவது பேரு ஏறுறாக" என்றார் கஸ்தூரியம்மாள்.

திட்டத்துக்கு ஒதுக்கிய பணம் கொஞ்சம். கேட்டு வந்தவர்கள் நாற்பது பேர். பங்கு போட்டதில் ஆளுக்கு வாரம் எட்டு மணி நேரம்தான் விழுந்தது. முனீஸ்வரிக்கு நூலகம். திரும்பி வரும் புத்தகங்களை அடுக்கில் ஏற்றுவது, கிழிந்த அட்டை முதுகுக்கு ஒட்டுப் போடுவது, எண் சீட்டு ஒட்டுவது. நூலகர் மகாலட்சுமி நல்லவர். ஆனால் எதையும் தனியாகச் செய்யும் பழக்கம் இல்லாதவர். ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு வந்தபோது முனீஸ்வரியை ஒரே வாரத்தில் இருபத்தாறு மணி நேரம் பிடித்து வைத்துக்கொண்டார். அந்த வாரத்துக்கு மட்டும் இருபது வரை விஜய்ராஜ் அனுமதி தந்திருந்தார். மேலே ஓடிப்போன ஆறுக்கு என்ன செய்வது?

"அடுத்த வாரத்துல சேத்துக் கையெழுத்துப் போட்டுருதேன் கண்ணு" என்றார் மகாலட்சுமி.

விஜய்ராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. "மேடம், உச்சவரம்பு எதுக்கு வச்சிருக்கோம்? புள்ளைக படிக்கணும்னு. பேப்பர்ல மாத்தி எழுதினா அந்தப் புள்ளைக்குப் படிப்பு திரும்பி வந்துருமா?"

"அப்ப அந்த ஆறு மணி நேரத்துக்குக் காசு?"

விஜய்ராஜ் யோசித்தார். நேர்மையான மனிதர்களின் யோசனை பெரும்பாலும் பிறர் செலவில்தான் முடிகிறது. "இருபது வரைக்கும் பணி. அதுக்கு மேல சேவைன்னு வச்சுக்குவோம்" என்றார். முனீஸ்வரிக்குச் சேவைச் சான்றிதழ் ஒன்று கிடைத்தது. மூன்று வண்ணத்தில், நன்றாகவே இருந்தது.

எப்படியோ அந்த ஆண்டு ஓடியது. மாதம் இரண்டாயிரத்தைத் தொடாத ஒரு தொகை வங்கியில் விழுந்தது. தேர்வு மாதங்களில் அதுவும் பாதி. பேருந்துக் கட்டணத்துக்கும் நகல் எடுக்கவும் அவள் அம்மாவிடம் கை நீட்டவில்லை. தீபாவளிக்கு அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்தாள். "எதுக்குடி இந்தச் செலவு?" என்று திட்டிவிட்டு, கஸ்தூரியம்மாள் அதைக் கட்டிக்கொண்டு தெருவில் தேவையில்லாமல் இரண்டு முறை தண்ணீர் எடுக்கப் போனார்.

பிறகு சேர்க்கைக் காலம் வந்தது.

தேனிப் பக்கத்தில் ஒன்று நடந்ததா இல்லையா என்பதை ஃபிளெக்ஸ் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காது குத்து, கட்சிப் பதவி, அரசுத் தேர்வில் தேர்ச்சி, வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய மச்சான் எல்லாவற்றுக்கும் ஃபிளெக்ஸ் உண்டு. செயலர் வேல்பாண்டி இந்த உண்மையை நன்கு அறிந்தவர். கல்லூரியைத் தொடங்கிய குடும்பத்தின் மூத்த மகன். வெள்ளைச் சட்டைப் பையில் மூன்று பேனா. மூன்றும் கையெழுத்துக்கு மட்டும். அவ்வருடம் சேர்க்கை மந்தமாக இருந்தது. கோயம்புத்தூர்க் கல்லூரிகளின் பேருந்துகள் கம்பம் வரைக்கும் வந்து பிள்ளைகளை அள்ளிப் போய்க்கொண்டிருந்தன. அதனால் விஜய்ராஜைக் கூப்பிட்டார்.

"உங்க திட்டத்துல நல்லா வேல பாக்குற புள்ள ஒண்ணு சொல்லுங்க. கொஞ்சம் கிராமத்து முகமா இருக்கட்டும்."

விஜய்ராஜ் முனீஸ்வரியின் பெயரைச் சொன்னார். எவ்வளவு சம்பாதிக்கலாம் என்று கேட்டதற்கு, உச்சவரம்புக் கணக்கைப் பெருக்கி, "மாதம் ஐயாயிரம் வரை" என்று எழுதிக் கொடுத்தார். ஃபிளெக்ஸ் கடைக்காரர் எழுத்தைப் பெரிதாக்கியபோது இடம் போதவில்லை. 'வரை' போய்விட்டது.

ஒரு வாரத்தில் சின்னமனூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே முனீஸ்வரி எழுந்து நின்றாள். இருபதடி உயரம். அடையாள அட்டைப் படத்திலிருந்து வெட்டிய தலை. கண் பாதி மூடியிருந்தது. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு பெண்ணின் உடம்பு, கருநீலக் கோட்டுப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. 'படித்துக்கொண்டே மாதம் ஐயாயிரம் சம்பாதிக்கிறேன்! நீங்களும் வாருங்கள்!'

பேருந்திலிருந்து இறங்கிய கஸ்தூரியம்மாள் நிமிர்ந்து பார்த்தார். தலை மகளுடையதுதான். உடம்பைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். பக்கத்தில் நின்ற சங்கிலியம்மாள், அவர்களுடைய மகளிர் குழுத் தலைவி, சந்தேகப்படவில்லை.

"மாசம் அஞ்சாயிரம் வருதுன்னு சொல்லவே இல்லையேக்கா! அன்னிக்குக் குழுவுல தவணை கட்ட முடியலன்னு கண்ணக் கசக்குனீக?"

"அய்ய, அதெல்லாம் வரலத்தா. அவுக போட்ருக்காக."

"வராமலா கோட்டுப் போட்டு நிக்கிறா?"

அச்சடித்ததை மறுப்பதற்குப் பேச்சு போதுவதில்லை. குச்சனூரிலிருந்து தூரத்து உறவுக்காரர் ஒருவர் தன் மகனுக்குப் பெண் கேட்டு ஆள் விட்டார். பையன் என்ன செய்கிறான் என்று கேட்டதற்கு, இப்போதைக்கு ஒன்றும் செய்யவில்லை என்றும், பெண்தான் சம்பாதிக்கிறதே என்றும் பதில் வந்தது.

இவையெல்லாம் சிரித்துவிட்டு மறக்கக்கூடியவை. மறக்க முடியாதது ஜூன் முதல் வாரத்தில் வந்தது. மூன்றாம் ஆண்டுக்குச் சலுகையைப் புதுப்பிக்க முனீஸ்வரி விண்ணப்பம் கொடுத்தாள். அறக்கட்டளையின் பொருளாளர் வீரணன் அதை நிறுத்தி வைத்தார். வீரணன் போடிப் பக்கம் ஏலக்காய் வியாபாரம் செய்பவர். காயைக் கையில் வாங்கினால் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். அதே பார்வையை மனிதர்களின் வறுமை மீதும் வைத்திருந்தார். வாரம் ஒரு முறை சின்னமனூர் வழியாகக் காரில் போகிறவர். ஃபிளெக்ஸைப் பார்த்திருந்தார். தன் கல்லூரியின் ஃபிளெக்ஸை நம்பிய ஒரே அறங்காவலர் அவர்தான்.

விஜய்ராஜ் முனீஸ்வரிக்குப் போன் செய்து உதவிக்குழுவின் முன் வரச் சொன்னார். "அம்மாவையும் கூட்டிட்டு வா. பாஸ்புக்கையும் எடுத்துக்க."

"என்ன சார் பிரச்சினை?"

"நீ சம்பாதிச்சதுதான்" என்றார் அவர், குரல் இறங்கி.

அன்று கஸ்தூரியம்மாளுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. குளிரூட்டிய அறைக்குள் வேல்பாண்டி, வீரணன், முதல்வர், விஜய்ராஜ். கதவு சரியாக மூடாது. வெளியே பெஞ்சில் இருந்த தாய்க்கும் மகளுக்கும் எல்லாம் கேட்டது.

"ஆத்தா சம்பாத்தியம் எழுவத்திரெண்டு. புள்ள சம்பாத்தியம் மாசம் அஞ்சு, வருசத்துக்கு அறுவது. கூட்டுங்க" என்றார் வீரணன். "லச்சத்தத் தாண்டிருச்சுல்ல? அப்புறம் எதுக்குச் சலுகை?"

"ஐயா, அது ஃபிளெக்ஸ்ல போட்டது" என்றார் விஜய்ராஜ். "நெசத்துல அந்தப் புள்ள வாங்குனது அதுல கால்வாசிதான். பாஸ்புக் வெளிய இருக்கு. அதக் கூட்டினாலும் லச்சத்துக்குள்ளதான் வருது."

"அப்ப ஃபிளெக்ஸ் பொய்யா?" இது வேல்பாண்டி.

விஜய்ராஜ் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"பொய்னு சொல்லல சார். இருபது மணி நேரங்கிறது உச்சவரம்பு. அந்த அளவுக்கு வேல குடுக்க நம்மகிட்ட ஃபண்டு இல்ல. லீவுலயும் பரீட்சையிலயும் வேல கெடையாது. 'வரை'ன்னுதான் எழுதிக் குடுத்தேன்."

"சார், ஒண்ணு தெரிஞ்சுக்கங்க" என்றார் வேல்பாண்டி. "அட்மிஷன் முடியிற வரைக்கும் ஃபிளெக்ஸ் உண்மை. பாஸ்புக்க மினிட்ஸ்ல ஏத்துனீகன்னா நாளைக்கு எவனாவது தகவல் உரிமைன்னு வந்து நிப்பான்."

முனீஸ்வரி மடியிலிருந்த பாஸ்புக்கைப் பார்த்தாள். அம்மா அதை நெகிழிப் பைக்குள் போட்டு, பையை இன்னொரு பைக்குள் போட்டு எடுத்து வந்திருந்தார். அதற்கு இனி வேலையில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அம்மாவுக்குப் புரியவில்லை, நல்ல வேளை.

"சரி, அப்ப சலுகைய எடுத்துருங்க. வேலயப் பாக்கட்டும்" என்றார் வீரணன்.

"சலுகை வாங்குறவுகளுக்குத்தான் திட்டத்துல வேல, ஐயா. அது நம்ம விதி."

"அப்ப வேலயையும் எடுத்துருங்க."

"எடுத்துட்டா அந்தப் புள்ளைக்கு வருமானம் இல்ல. ஆத்தா சம்பாத்தியம் மட்டும்தான். லச்சத்துக்குள்ள வந்துருது. சலுகை குடுக்கணும்."

"குடுங்க."

"குடுத்தா வேலைக்குத் தகுதி வந்துருது."

வீரணன் பஜ்ஜியைப் பாதியில் வைத்தார். வியாபாரத்தில் அவரை இப்படி யாரும் சுற்றவிட்டதில்லை. "அப்ப போன வருசம் குடுத்த கூலியத் திருப்பி வாங்கிருங்க. சம்பாதிக்காதவதான்னு ஆயிரும்ல?"

"சம்பாதிக்கலன்னு ஆயிட்டா, போன வருசம் தகுதியான ஆளு. தகுதியான ஆளு வேல பாத்ததுக்குக் கூலி குடுக்கணும் ஐயா."

"யோவ், நீர் எந்தப் பக்கம்?"

"எனக்கே தெரியல ஐயா. விதிய எழுதுனது நான்" என்றார் விஜய்ராஜ். அவர் குரலில் இருந்தது வருத்தமா வியப்பா என்று வெளியே இருந்தவர்களுக்குப் பிரித்தறிய முடியவில்லை.

இருவரையும் உள்ளே அழைத்தார்கள். ஏன் அழைத்தார்கள் என்பது தெளிவில்லை. பேச்சு முட்டிக்கொள்ளும்போது ஏழைகளை உள்ளே அழைப்பது குழுக்களின் வழக்கம். உட்காரச் சொல்லவில்லை. கஸ்தூரியம்மாள் கேட்டார்:

"எம்புள்ள என்ன தப்புப் பண்ணுச்சு சார்? வேல பாத்ததா?"

"தப்பெல்லாம் இல்லம்மா" என்றார் வேல்பாண்டி. "உங்க பொண்ணு இந்தக் கல்லூரிக்கே பெருமை. ஊரெல்லாம் அது முகம்தான்."

"பெருமைக்கு எம்புட்டு பீஸு சார்?"

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பன்னிரண்டு ஆண்டாக இந்த அறையில் ஏதாவது தர்மசங்கடம் வந்தால் அவர் செய்வது அதைத்தான். ஆனால் அன்று துடைத்து முடித்ததும் பேசினார்.

"சார், செப்டம்பர்ல தரமதிப்பீட்டுக் குழு வருது. மாணவர் நலன்ங்கிற தலைப்புல நாம காட்டுறது இந்த ஒரு திட்டத்தத்தான். நாப்பது பேரு இருக்காகன்னு எழுதியிருக்கோம். இந்தப் பொண்ணுக்கு ஒரு விதின்னா நாப்பது பேருக்கும் அதே விதி. அவுகளும் அதே மணிக்கு அறுபதுதான வாங்குறாக? ஃபிளெக்ஸ் கணக்குப்படி எல்லாருக்கும் சலுகை போயிரும். சலுகை போனா வேல போயிரும். திட்டம் இருக்கும். அதுல ஆளு இருக்காது."

இதைக் கேட்டதும் வேல்பாண்டிக்கு நியாயம் புலப்பட்டது. நியாயம் எப்போதும் அவருக்குப் புலப்படும். யாராவது அதைச் சரியான வெளிச்சத்தில் தூக்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

"அப்ப சேக்காதீக" என்றார். "திட்டத்துல வர்ற கூலி குடும்ப வருமானத்துல சேராதுன்னு ஒரு வரி போட்ருங்க."

"அது எப்பிடி?" என்றார் வீரணன். "காசு காசுதான? அப்ப வெளிய கடையில வேல பாக்குறவன் காசு?"

"அது சேரும். இது கல்லூரி குடுக்குற உதவி, அது அவுக சம்பாத்தியம். உதவியக் காரணம் காட்டி உதவியக் கொறைக்கக் கூடாதுல்ல?" என்றார் வேல்பாண்டி.

வேறு ஒரு மனிதர் வேறு ஒரு காரணத்துக்காகச் சொல்லியிருந்தால் அந்தக் கடைசி வாக்கியத்தைப் பாராட்டலாம். ஏன், இப்படியே பாராட்டிவிடலாம். நல்ல விதிகள் நல்லவர்களிடமிருந்துதான் பிறக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அன்று சேர்த்த அந்த ஒரு வரியால் நாற்பது வீடுகளுக்குப் பாதிக் கட்டணச் சலுகை தப்பியது. ஆனால் அந்தக் கூலிக்கு உதவி என்று பெயர் வைத்தபோது, சீட்டு ஒட்டி ஒட்டி விரல் நுனி தடித்துப்போன ஒரு பெண் அந்த அறையிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கம் யாரும் திரும்பவில்லை.

வெளியே வந்ததும் கஸ்தூரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பிச்சோம்டி. அந்தக் கண்ணாடி சாரு நல்லா இருக்கணும்."

முனீஸ்வரி, "பசிக்குதும்மா" என்றாள். பேருந்து நிறுத்தத்தில் ஆளுக்கு இரண்டு டம்ளர் பருத்திப்பால் குடித்தார்கள்.

பெற்றோர் அறிமுகக் கூட்டத்தில் அவளை மேடையேற்றினார்கள். கோட்டு இல்லாமல், நீலச் சுடிதாரில் வந்த அவளை முன்வரிசையில் பலருக்கு அடையாளம் தெரியவில்லை. உத்தமபாளையத்திலிருந்து வந்திருந்த ஒரு தகப்பனார் எழுந்து கேட்டார்:

"நெசமா மாசம் எம்புட்டு வருது தாயி? ஒளிக்காமச் சொல்லு."

மேடையில் வேல்பாண்டி மாலையைச் சரிசெய்தார். விஜய்ராஜ் தன் காலணியைப் பார்த்தார். முனீஸ்வரி ஒலிவாங்கியைக் கொஞ்சம் கீழே இறக்கினாள்.

"எனக்கு வாரத்துக்கு எட்டு மணி நேரம் குடுத்தாக. மணிக்கு அறுவது ரூவா. லீவுல இல்ல. பரீட்சையில இல்ல. பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் காணும். பீஸுக்குக் காணாது. பீஸ நம்பி இதுல சேராதீக, கைச்செலவுக்குன்னா சேருங்க."

கைத்தட்டல் வந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் ஐயாயிரம் என்று கேட்கும் முடிவோடு வந்தவர்கள். அவர்கள் அதையே கேட்டுக்கொண்டு போனார்கள். வேல்பாண்டியும் அவளைக் கோபிக்கவில்லை. "எதார்த்தமாப் பேசுது. கிராமத்துப் புள்ள" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். உத்தமபாளையத்துக்காரர் மட்டும் ஒரு தாளில் எதையோ பெருக்கிப் பார்த்துவிட்டு, மகனிடம், "சேரலாம். ஆனா நோட்டு புத்தகத்துக்கு எங்கிட்ட வரக் கூடாது" என்றார். அன்று அந்த அரங்கில் அறிவோடு நடந்துகொண்டவர் அவர் ஒருவராகவே இருக்கலாம்.

சலுகை விண்ணப்பத்தைப் புதிய விதிப்படி மறுபடி நிரப்பித் தரச் சொன்னார்கள். புதிய படிவத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று, 'திட்ட ஊதியம் (சேர்க்கப்படாது)'. மற்றொன்று, 'மாணவரின் பிற வருமானம் (சேர்க்கப்படும்)'. அதோடு 'படிப்போடு பணி'க்கு ஒரு பக்க விண்ணப்பம். நூலகத்தில் அவளுக்கு இடம் தயாராக இருந்தது. மகாலட்சுமி தன் மேசைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு நாற்காலிகூடப் போட்டு வைத்திருந்தார். பட்டியலில் முதல் பெயர் முனீஸ்வரி என்று விஜய்ராஜ் சொல்லி அனுப்பினார்.

அவள் வேலைக்கு விண்ணப்பிக்கவில்லை.

சின்னமனூரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு விதை, உரக் கடை இருக்கிறது. வாழைக்கும் திராட்சைக்கும் மருந்து வாங்க வருகிறவர்களுக்கு ரசீது போட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். கல்லூரி விட்டு வந்து சாயங்காலமும், ஞாயிறு முழு நாளும். மாதம் நாலாயிரம். முனீஸ்வரி அங்கே சேர்ந்தாள். ஐந்து மணிப் பேருந்தில் இறங்கி நேராகக் கடைக்குப் போய், கடை சாத்திய பிறகு ஊருக்கு நடந்தாள். நூலகத்து எட்டு மணி நேரத்தைவிடக் கூலி கூடத்தான். ஆனால் உடம்புக்கும் படிப்புக்கும் அது எவ்வளவு பாரம் என்பதை அந்த ஆண்டு அவள் வாங்கிய மதிப்பெண்ணில் பார்க்கலாம், கொஞ்சம் இறங்கியிருந்தது.

இதுவரைக்கும்கூடப் புரிந்துகொள்ளலாம். ஏழைக்குக் கூடுதல் காசு பிடிக்கும் என்பதில் மர்மம் இல்லை. புரியாதது படிவம். இரண்டாவது கட்டத்தில் அவள் கடைப் பெயரை எழுதி, மாதம் நாலாயிரம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அம்மாவின் வருமானத்தோடு அது லட்சத்தைத் தாண்டியது.

விஜய்ராஜ் அவளைத் தாழ்வாரத்தில் பிடித்தார்.

"ஏம்மா, இதக் கட்டாயம் எழுதணுமா? உரக்கடைக்காரரு சம்பளச் சீட்டா குடுக்குறாரு? யாருக்கும் தெரியப் போறதில்ல. வேற தாள் தாறேன், அந்தக் கட்டத்த வெறுசா விட்ரு. நான் ஒண்ணும் கேக்கல."

நேர்மையான விஜய்ராஜ் இதைச் சொல்வதற்கு ஒரு வருடம் ஆகியிருந்தது. அதைச் சொன்னபோது அவர் காது சிவந்திருந்தது.

"இல்ல சார். இருக்கட்டும்."

"சலுகை போயிரும்மா. முழு பீஸும் கட்டணும்."

"தெரியும் சார்."

"திட்டத்துலயும் சேர முடியாது."

"ஆமா சார்."

"அப்புறம் எதுக்கு?"

"சும்மாத்தான் சார்" என்றாள்.

வீட்டில் அன்று பெரிய சண்டை. "நாலு பேரு உக்காந்து ஒனக்காக விதிய மாத்துனாக, நீ தூக்கி எறிஞ்சுட்டு வந்திருக்க! கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?" என்று கஸ்தூரியம்மாள் கத்தினார். இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தலை சீவிவிட ஆள் வேண்டியிருந்ததால் பேசினார். அப்போதும் காரணம் கேட்டார். மகள் சிக்கெடுத்துக்கொண்டே, "ஆடாம இரும்மா" என்றாள்.

சலுகை ரத்து என்று வீரணன் கையெழுத்துப் போட்டார். லட்சத்தைத் தாண்டிய வருமானத்தைத் தானாக எழுதிக் கொடுத்த முதல் ஆளை அவர் தன் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தார். ஈரம் எவ்வளவு என்று அவரால் சொல்ல முடியவில்லை.

முனீஸ்வரி கடைக் கூலியைச் சேர்த்து வைத்து, முழுக் கட்டணத்தையும் இரண்டு தவணையாகக் கட்டினாள். அலுவலகச் சன்னலில் நூறு ரூபாய்த் தாள்களாக எண்ணி வைத்து, ரசீது வாங்கி, அதில் 'சலுகை' என்ற கட்டத்துக்கு எதிரே தொகை இல்லாமல் கோடு போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வகுப்புக்குப் போனாள்.